புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறினால்

கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்ட பின்னர், தங்கவயலிலும் அதனைச் சுற்றியுள்ள பேத்தமங்களா போன்ற ஊர்களிலும் வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் வெளியூர்களையே நம்பியுள்ளனர். அவர்களுள் சிலர் இப்போது மேற்படிப்புக்காக ஜெர்மனிக்கும் செல்கின்றனர். அத்தகைய ஒரு மாணவியின் தந்தை, ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு நாள் பேத்தமங்களாவில் உள்ள எங்கள் கிளைக்கு வந்தார். அவர் கையில் ஒரு கணக்குத் தாள் இருந்தது.

“சார், ஜெர்மனியிலிருந்து வந்த தாள்களைப் பார்த்து எக்செலில் கூட்டினேன். எழுபத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் யூரோவுக்கு மேல் வருகிறது. வீட்டை விற்றாலும் போதாது போலிருக்கிறதே!” என்றார்.

அவருடைய கூட்டலில் பிழை இல்லை; எண்களைப் படித்த முறையில்தான் பிழை இருந்தது. வெளிநாட்டிலிருந்து சம்பளச் சீட்டோ கட்டண அறிவிப்போ பெறும் எவருக்கும் இது நேரக்கூடும் என்பதால், அந்தக் கணக்கையே இங்குப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நான்கு தொகைகள்

தாள்களில் இருந்த தொகைகள் இவை:

```
11.904,00   (முடக்கக் கணக்கு)
1.250       (அறை முன்பணம்)
318,50      (பல்கலைக்கழகக் கட்டணம்)
410,75      (முதல் மாத வாடகை)
```

நாம் ஆயிரம், இலட்சம் ஆகியவற்றைக் காற்புள்ளியால் பிரித்து, பைசாவைப் புள்ளியால் பிரிக்கிறோம். ஜெர்மனி, இத்தாலி, இந்தோனேசியா, பிரேசில் முதலிய நாடுகளில் இது தலைகீழ்: ஆயிரத்தைப் புள்ளி பிரிக்கும், பின்னத்தைக் காற்புள்ளி பிரிக்கும். எனவே 11.904,00 என்பது பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு யூரோ.

ஆசிரியரோ, நம் வழக்கப்படி, “காற்புள்ளிகள் வெறும் பிரிப்புகள்தாமே” என்று எண்ணி அவை அனைத்தையும் நீக்கிவிட்டார். 318,50 என்பது 31850 ஆயிற்று. 410,75 என்பது 41075 ஆயிற்று. பெரிய தொகையான 11.904,00 என்பதோ 11.90400 ஆகி, பன்னிரண்டு யூரோவுக்கும் குறைவாகச் சுருங்கியது. 1.250 என்பது ஒன்றேகால் யூரோவாயிற்று. இவற்றின் கூட்டுத்தொகை 72,938.15. சரியான கூட்டுத்தொகை 13,883.25 மட்டுமே. கணக்கின் வசதிக்காக ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று கொண்டால், ஏறத்தாழ 73 இலட்சத்துக்கும் 14 இலட்சத்துக்கும் உள்ள வேறுபாடு இது.

வலப்பக்கத்திலிருந்து படித்தல்

இத்தகைய எண்ணை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். எண்ணில் புள்ளி, காற்புள்ளி இரண்டும் இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை: கடைசியாக வருவதே பின்னத்தின் குறி. 11.904,00 என்பதில் கடைசிக் குறி காற்புள்ளி, 11,904.00 என்பதில் புள்ளி. ஒரே குறி இரு முறை வந்தால், அது பின்னக் குறியாக இருக்க முடியாது, 1.250.000 என்பது பன்னிரண்டரை இலட்சம். ஒரே குறி வந்து, அதன்பின் இரண்டு இலக்கங்கள் மட்டும் இருந்தால், அது பின்னமே.

இடர்ப்பாடு ஒரே ஓர் இடத்தில்தான் உள்ளது: ஒரே குறி, அதன்பின் மூன்று இலக்கங்கள். 1.250 என்பதை எழுத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்ய இயலாது. “மூன்று இலக்கம் என்றால் ஆயிரம்தான்” என்பதும் உறுதியான விதியன்று. ஜெர்மனியில் பெட்ரோல் விலையை மூன்று தசம இலக்கங்களில் எழுதுவர். 1,749 என்பது லிட்டருக்கு ஒன்றே முக்கால் யூரோவை ஒட்டிய விலை. அதனை ஆயிரத்து எழுநூறு என்று எவரும் கொள்ளமாட்டார்.

ஆகவே அதே தாளிலுள்ள மற்ற எண்களைப் பார்க்க வேண்டும். முன்பணம் குறித்த தாளிலேயே வாடகை 410,75 என்று இருந்தது. அங்கே காற்புள்ளி பின்னக் குறி என்பது தெளிவு, எனவே 1.250இல் உள்ள புள்ளி ஆயிரத்தையே குறிக்கும். வாடகையின் மூன்று மடங்கை ஒட்டிய முன்பணம் என்பதும் பொருத்தமாக உள்ளது.

முடக்கக் கணக்கை வேறொரு வழியில் சரிபார்த்தோம். மாணவர் தம் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு ஜெர்மனியில் முன்கூட்டியே செலுத்தி வைக்கும் தொகை அது. மாதந்தோறும் ஒரு பங்கே விடுவிக்கப்படும். 2024 செப்டம்பர் முதல் அந்த மாதப் பங்கு 992 யூரோ என நிர்ணயிக்கப்பட்டது. 992ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 11,904 வருகிறது. ஐயத்துக்குரிய எண்ணுக்குத் தொடர்புடைய மற்றோர் எண் கிடைத்தால், ஒரு பெருக்கலே போதும்.

எக்செலில் மாற்றும் வரிசை

எண்கள் பலவாக இருந்தால் கையால் மாற்றுவது கடினம். அப்போது வரிசை முக்கியம்: முதலில் புள்ளிகளை நீக்க வேண்டும், அதன் பின்னரே காற்புள்ளியைப் புள்ளியாக்க வேண்டும். வரிசையை மாற்றினால், 11.904,00 முதலில் 11.904.00 ஆகும், பின்னர் புள்ளிகள் யாவும் நீங்கி 1190400 ஆகும். தொகை நூறு மடங்காகிவிடும்.

இவ்விரு செயல்களையும் சரியான வரிசையில் செய்துதரும் சூத்திரம் எக்செலில் உண்டு:

```
=NUMBERVALUE(A2,",",".")
```

இதில் முதலில் வருவது பின்னக் குறி, அடுத்தது ஆயிரப் பிரிப்பு. ஆனால் ஓர் எச்சரிக்கை. எண்களை ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை Text என அமைத்துவிட வேண்டும். இல்லையெனில் நம் நாட்டு அமைப்பிலுள்ள எக்செல் 1.250 என்பதை உடனே 1.25 என்னும் எண்ணாக மாற்றிவிடும். இறுதிச் சுழியம் மறைந்துவிடும். அதன்பின் இச்சூத்திரம் புள்ளியை நீக்கி 125 என்று தரும். ஆயிரத்து இருநூற்று ஐம்பது நூற்று இருபத்தைந்தாகிவிட்டதை எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. ஒட்டியவுடன் கலத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்பது உரை. வலப்பக்கம் நிற்பது ஏற்கெனவே எண்ணாகிவிட்டது என்று பொதுவாக அறியலாம்.

வங்கித் தாளிலும் இதே காற்புள்ளி

இது அயல்நாட்டுத் தாள்களில் மட்டும் உள்ள வழக்கமன்று. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பியதற்குச் சான்றாக வாடிக்கையாளர்கள் பெற்றுவந்த MT103 நகலில் இவ்வாறு ஒரு வரி இருக்கும்:

```
:32A:250310EUR1250,
```

இது 2025 மார்ச் 10ஆம் நாளிட்ட 1,250 யூரோ. சுவிஃப்ட் அமைப்பின் இவ்வகைச் செய்திகளில் பின்னக் குறி காற்புள்ளியே. ஆயிரப் பிரிப்பு எதுவும் இடம்பெறாது. பின்னம் இல்லாவிடினும் காற்புள்ளி கட்டாயம் வர வேண்டும். எனவே இறுதியில் தனித்து நிற்கும் அக்காற்புள்ளியைக் கண்டு, ஏதோ இலக்கங்கள் விடுபட்டன என்று கலங்க வேண்டியதில்லை. இதற்கு மாற்றாக வந்துள்ள புதிய ஐ.எஸ்.ஓ. 20022 செய்தியில் அதே தொகை `1250.00` எனப் புள்ளியுடன் இருக்கும்.

ஆசிரியர் பணம் அனுப்பும் படிவத்தை நிரப்பியபோது, தொகையை எண்ணால் எழுதியதோடு எழுத்தாலும் எழுதச் சொன்னேன். காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்று 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் கூறுகிறது. எழுத்தில் புள்ளியும் இல்லை, காற்புள்ளியும் இல்லை. “பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு யூரோ மட்டும்” என்று அவர் எழுதி முடித்து, அதனை ஒருமுறை வாய்விட்டுப் படித்த பின்னரே கையொப்பமிட்டார்.