பதவி உயர்வுப் பட்டியல் எப்படித் தயாராகிறது?

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. சேவை நிறுவனங்களில் சேர்ந்து இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆன பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அப்ரைசல் படிவத்தை நிரப்பி அனுப்புவது வரைதான் உங்கள் கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடப்பதை, பட்டியல் போடும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மாதங்களும் பெயர்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நடக்கும் விதம் பெரும்பாலும் இதுதான்.

1. முதலில் இடம், பிறகுதான் ஆள்.

உங்கள் பெயரை யாரும் எடுப்பதற்கு முன்பே, இந்த ஆண்டு எத்தனை பேருக்கு உயர்வு என்பது ஏறக்குறைய முடிவாகியிருக்கும். காரணம் பணக்கணக்கு. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். டெவலப்பர் ஒருவருக்காக க்ளையன்ட் மாதம் இரண்டு லட்சம் ரூபாய் தருகிறார். உங்கள் சம்பளம், இருக்கை, மற்ற செலவெல்லாம் சேர்த்து நிறுவனத்துக்கு 1,20,000 ஆகிறது. உங்களை டீம் லீடாக உயர்த்தினால் அது 1,45,000 ஆகும். ஒப்பந்தத்தில் உங்கள் இடம் ‘டெவலப்பர்’ என்றே இருந்தால் க்ளையன்ட் அதே இரண்டு லட்சத்தைத்தான் தருவார். மாதாமாதம் 25,000 ரூபாய் உங்கள் மேனேஜரின் புராஜெக்ட் லாபத்திலிருந்து போகும். அந்த லாபத்தை வைத்துத்தான் அவருடைய அப்ரைசல்.

நீங்கள் நன்றாக வேலை செய்கிறீர்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் உங்களை உட்காரவைக்க ஓர் இடம் அவருக்கு வேண்டும். அந்த இடம் மூன்று வழிகளில்தான் பிறக்கும்: இருக்கிற லீடு ஒருவர் வேறு புராஜெக்டுக்கோ வேறு கம்பெனிக்கோ போக வேண்டும், டீம் பெரிதாக வேண்டும், அல்லது ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது லீடு என்ற இடம் புதிதாகச் சேர வேண்டும். ஆகவே உங்கள் டீமில் எத்தனை லீடு, யார் கிளம்பும் நிலையில் இருக்கிறார், ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். இது ஒட்டுக்கேட்டு அறிய வேண்டிய ரகசியமில்லை. மேனேஜரிடமே கேட்கலாம்.

2. காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்.

ஏப்ரலில் கடிதம் வருகிறது என்றால், பெயர்களை ஒப்பிடும் கூட்டம் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும். மேனேஜர்கள் தங்கள் பட்டியலை டிசம்பர், ஜனவரியிலேயே கொடுத்திருப்பார்கள். அப்படியானால் உங்களுக்காக அவர் சொல்லக்கூடிய காரியம் நவம்பருக்குள் நடந்து முடிந்திருக்க வேண்டும். மார்ச் மாதம் போய், “சார், இந்த வருஷம் எனக்குக் கிடைக்குமா?” என்று கேட்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். அப்போது மேனேஜர் கையிலேயே ஒன்றும் மிச்சமிருக்காது. அந்தக் கேள்வியை முந்தைய மே மாதம் கேட்டிருக்க வேண்டும்.

3. அந்தக் கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்.

காலிபரேஷன் என்பார்கள். டெலிவரி ஹெட், நான்கைந்து மேனேஜர்கள், எச்.ஆர். ஒருவர். எக்செல் ஷீட்டில் பன்னிரண்டு பெயர், இடம் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று பெயர் சச்சரவில்லாமல் போய்விடும். கடைசி நான்கு பெயரும் அப்படியே விழுந்துவிடும். மிச்சமிருக்கும் இரண்டு இடம் நடுவில் மிஞ்சும் ஐந்து பேரில் யாருக்கு என்பதில்தான் உண்மையான பேச்சு நடக்கும்.

அந்த ஐவரில் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒரு பையனைப் பற்றி அவன் மேனேஜர், “ரொம்ப நல்ல பையன், கடுமையா உழைக்கிறான், ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் வருவான்” என்கிறார். மற்ற மேனேஜர்கள் தலையாட்டுவார்கள். அவரவர் டீமிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அடுத்து ஒரு பெண். அவள் மேனேஜர், “ஆகஸ்டில் லீடு இரண்டு மாதம் லீவில் போனபோது ரிலீஸை இவள்தான் நடத்தினாள், புதிதாக வந்த மூன்று பேருக்கு வேலை பழக்கினாள்” என்கிறார். உடனே டெஸ்டிங் மேனேஜர், “ஆமாம், அந்த ரிலீஸ்ல எங்க டீம் அவகூடத்தான் பேசுச்சு, ஒரு சிக்கலும் வரலை” என்று சேர்த்துக்கொள்கிறார். அங்கேயே முடிந்தது. பையன் அவளைவிடக் கூடுதல் மணி நேரம் உழைத்திருக்கலாம். ஆனால் அவள் பெயரோடு ஒரு காரியமும் இரண்டாவது ஒரு குரலும் சேர்ந்து வந்தன.

அந்த இரண்டாவது குரலுக்கு அவ்வளவு வலு. உங்கள் மேனேஜர் உங்களைப் புகழ்வது எதிர்பார்த்ததுதான்; அவர் வாயை மட்டும் நம்பி இருக்கும் பெயர் எளிதில் சரியும். ஆகவே ஆண்டில் ஒரு வேலையாவது பக்கத்து டீமோடு சேர்ந்து செய்வதாக இருக்கட்டும். மாலை ஆறு மணிக்குக் குழந்தையை அழைக்க ஓட வேண்டிய பெண்களுக்கும், க்ளையன்ட் அலுவலகத்திலேயே உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கும் இதை அழுத்திச் சொல்கிறேன். டீக்கடைப் பேச்சில் நீங்கள் இருப்பதில்லை. அதனால்தான் நன்றாக வேலை செய்தும் உங்கள் பெயருக்கு மேசையில் துணை கிடைக்காமல் போகிறது. அது அநியாயம். மேசையில் இருப்பவர்கள்தான் அதைச் சரி செய்ய வேண்டும். அதுவரை சேர்ந்து செய்த ஒரு வேலை உங்களுக்காகப் பேசும்.

4. ரேட்டிங் வேறு, உயர்வு வேறு.

ரேட்டிங் கடந்த ஆண்டுக்கான கூலி. உயர்வு, அடுத்த படியின் வேலையைச் செய்வீர்கள் என்ற நம்பிக்கை. முதல் தர ரேட்டிங் வாங்கியும் உயர்வு கிடைக்காதவர்களில் பலர், ஒரு மாட்யூலை அவர்களைத் தவிர யாராலும் தொட முடியாது என்ற நிலையில் இருப்பவர்கள். “இவரை நகர்த்தினால் அதை யார் பார்ப்பது?” என்ற கேள்வி வந்ததும் பெயர் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். உங்கள் வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து, எழுதியும் வையுங்கள்.

பெல் கர்வ் ஒழிந்தால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். ஊழியர்களை விகிதம் வைத்துத் தரம் பிரிக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013-இல் கைவிட்டது. வேறு நிறுவனங்களும் பின்னர் கைவிட்டன. விகிதம் போனாலும் பட்ஜெட் போகவில்லை. ஒப்பிடுவது எப்படியும் நடக்கும்.

5. மேனேஜரிடம் கேட்க வேண்டியவை.

“நான் என்ன செய்தால் கிடைக்கும்?” என்று கேட்டால், “இன்னும் கொஞ்சம் பொறுப்பு எடுத்துக்கோ” என்ற பதில்தான் வரும். அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இப்படிக் கேளுங்கள்: “இந்த ஆண்டு நம் அக்கவுண்டில் லீடு இடம் வருமா? வந்தால் என் பெயரைக் கொடுப்பீர்களா? கொடுத்தால் எந்த வேலையைக் காட்டுவீர்கள்? யார் மறுப்பு சொல்வார்?” பதிலில் ஒரு வேலையின் பெயரும் ஒரு மாதமும் இருந்தால் அவர் உங்களைப் பற்றி யோசித்திருக்கிறார். “பார்க்கலாம்ப்பா” என்றால் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்றே எடுத்துக்கொண்டு, என்ன குறை என்று அப்போதே கேளுங்கள்.

6. மேனேஜர் மாறினால்.

பலருடைய உயர்வு ஓர் ஆண்டு தள்ளிப்போவது இதனால்தான். பழையவர் மனதில் இருந்தது புதியவருக்குத் தெரியாது. மாற்றம் தெரிந்த வாரமே பழையவரிடம் போய், நீங்கள் செய்ததையும் அடுத்துப் பேசி வைத்ததையும் அரைப்பக்கத்தில் புதியவருக்கு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். நீங்களே எழுதிக்கொடுத்தால் பெரும்பாலானவர்கள் அனுப்பிவிடுவார்கள்.

7. இடமே இல்லாதபோது.

இரண்டு சுற்று போயும் டீம் வளரவில்லை, லீடு யாரும் நகரவில்லை, ஒப்பந்தமும் சுருங்குகிறது என்றால் உங்கள் திறமையைச் சந்தேகிக்காதீர்கள். முதலில் கம்பெனிக்குள்ளேயே வளரும் அக்கவுண்டுக்கு மாறப் பாருங்கள். ஆனால் ஜூன், ஜூலைக்குள் மாறிவிடுங்கள். அக்டோபரில் மாறினால் புதிய மேனேஜர் உங்களுக்காகச் சொல்ல ஒன்றும் இருக்காது. வெளியே போவதானால், சம்பளத்தை மட்டும் பேசாமல் கடிதத்தில் என்ன கிரேடு போடுகிறார்கள் என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். சம்பளத்தை ஏற்றிவிட்டு கிரேடைப் பழைய இடத்திலேயே வைத்தால், அந்தக் கிரேடின் உச்சவரம்பில் போய் உட்காருவீர்கள். அடுத்த இரண்டு ஆண்டு சம்பள உயர்வும் மெலிந்துபோகும்.