வெப்பநிலை உயர்ந்தால் வினைவேக மாறிலி எத்தனை மடங்காகும்?

‘வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வினைவேகம் இரு மடங்காகும்’ என்று மேல்நிலை வகுப்பில் சொல்கிறோம். மாணவர்கள் இதை எல்லா வினைகளுக்கும் பொதுவான விதியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு கணக்கைக் கொண்டு இதைச் சரிசெய்யலாம்.

டைநைட்ரஜன் பென்டாக்சைடு வாயு சிதைவடைதல் ஒரு முதல்வகை வினை. 1921இல் டேனியல்ஸும் ஜான்ஸ்டனும் இதை ஆராய்ந்தனர். இதன் கிளர்வு ஆற்றல் ஏறத்தாழ 103 கிலோஜூல்/மோல். 298 கெல்வினில் வினைவேக மாறிலி 3.46 × 10⁻⁵ s⁻¹. 318 கெல்வினில் அது எவ்வளவு?

கணக்கிடுமுன் மாணவர்களின் ஊகத்தைக் கேளுங்கள். இருபது டிகிரி உயர்வு என்பதால் நான்கு மடங்கு என்பார்கள். அதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுச் சமன்பாட்டுக்கு வரலாம்.

log(k₂/k₁) = (Ea / 2.303R) × (T₂ − T₁)/(T₁T₂)

அர்ஹீனியஸ் சமன்பாட்டை இரு வெப்பநிலைகளுக்கும் எழுதிக் கழித்தால் இது கிடைக்கும். அதிர்வெண் காரணி A நீங்கிவிடுவதால் அதன் மதிப்பு தேவையில்லை.

Ea / 2.303R = 103000 / (2.303 × 8.314) = 5379
(T₂ − T₁)/(T₁T₂) = 20 / (298 × 318) = 2.11 × 10⁻⁴
log(k₂/k₁) = 1.135

எதிர்மடக்கை ஏறத்தாழ 13.7. எனவே k₂ = 4.7 × 10⁻⁴ s⁻¹. சோதனையில் கிடைத்த மதிப்பு 4.98 × 10⁻⁴ s⁻¹. இரண்டும் நெருங்கியே உள்ளன. அரைவாழ்காலம் ஐந்தரை மணி நேரத்திலிருந்து ஏறத்தாழ 25 நிமிடமாகக் குறைகிறது. ஓரத்தில் எழுதிய ‘நான்கு மடங்கு’ பொருந்தவில்லை.

ஏன்? அறை வெப்பநிலையில் 10 டிகிரிக்கு இரு மடங்கு என்பது கிளர்வு ஆற்றல் 53 கிலோஜூல்/மோல் அளவில் உள்ள வினைக்கே பொருந்தும். கிளர்வு ஆற்றல் கூடக்கூட வினைவேக மாறிலி வெப்பநிலையால் அதிகமாக மாறும்.

விடைத்தாளில் தவறு எங்கே நேர்ந்தது என்பதை விடையே காட்டிவிடும். விகிதம் 1.003 போல வந்தால், கிலோஜூலை ஜூலாக மாற்றவில்லை. 10⁹⁵ போன்ற பேரெண் வந்தால், வெப்பநிலையைச் செல்சியஸில் இட்டிருக்கிறார். ஒன்றுக்கும் குறைவாக வந்தால், T₁, T₂ இடம் மாறியுள்ளன. விகிதம் சரியாக ஒன்று என வந்தால், 1/298, 1/318 இரண்டையும் 0.003 என முழுமையாக்கிக் கழித்திருக்கிறார். மேலே உள்ள வடிவத்தில் எழுதினால் இக்கடைசித் தவறு நேராது.

ஒன்றை மட்டும் இறுதியில் சொல்லிவிடுங்கள். இரு வெப்பநிலைகளுக்கும் இடையில் கிளர்வு ஆற்றல் மாறவில்லை என்று கொண்டே இக்கணக்கைச் செய்கிறோம். ஒரு வெப்பநிலையில் மட்டும் வினைவேக மாற்றி சேர்க்கப்பட்டிருந்தால் கிளர்வு ஆற்றலே வேறாகிவிடும். அப்போது இச்சமன்பாட்டை இப்படிப் பயன்படுத்த முடியாது.