புழுதி நெல்லுக்கு விதையை ஊறவைத்து உலர்த்த 10 குறிப்புகள்

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஆவணி, புரட்டாசியில் நிலத்தைப் புழுதியாக உழுது, காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். முதல் மழை பெய்தாலும் மேல்மண்ணில் ஈரம் சில நாள்தான் நிற்கும். அதற்குள் விதை முளைத்து, வேரை ஆழத்துக்கு இறக்கிவிட வேண்டும். விதையை முன்கூட்டியே ஊறவைத்து, முளை வருமுன் நிறுத்தி, பழையபடி உலர்த்தி விதைத்தால் இந்த ஓட்டத்தில் அது முந்திக்கொள்ளும். வேளாண் துறையில் இதற்கு ‘விதையைக் கடினப்படுத்துதல்’ என்று பெயர். ஏக்கருக்கு 30 கிலோ விதை என்று வைத்துக்கொண்டு வேலையை வரிசையாகப் பார்க்கலாம்.

1. முளைகட்டுவது வேறு, இது வேறு

நாற்றங்காலுக்கு விதையை ஊறவைத்து, சாக்கில் கட்டி, வெள்ளை முனை தெரிந்த பிறகு தெளிப்போம். சேற்றில் அது சரி. அதே முளைவிட்ட விதையைப் புழுதியில் போட்டால் வெளியே வந்த வேர் காய்ந்து, விதையும் செத்துப்போகும். உலர்ந்தாலும் பிழைத்திருக்கும் குணம் நெல்லுக்கு வேர் வெளிவரும் வரைதான் உண்டு. வந்த பிறகு போய்விடும். அதனால் புழுதிக்கான விதையை முளைக்கத் தயாராகும் நிலையில் நிறுத்திவிட வேண்டும். இந்த ஒன்றில் தவறினால் மற்றவை எல்லாம் சரியாகச் செய்தும் பயனில்லை.

2. ஊறும்போது உள்ளே என்ன நடக்கிறது?

விதை முதலில் வேகமாகத் தண்ணீர் குடிக்கும். பிறகு குடிப்பது ஏறக்குறைய நின்றுவிடும். வெளியே ஒரு மாற்றமும் தெரியாத இந்த நேரத்தில்தான் உள்ளே வேலை மும்முரமாக நடக்கும்: நொதிகள் விழித்துக்கொள்ளும், பழுதான செல் பாகங்கள் சரியாகும், மாவுச்சத்தைக் கரைக்கும் ஏற்பாடு தொடங்கும். அதற்குப் பிறகே வேர் வெளிவரும். தொட்டியில் ஒரு ராத்திரியில் முடிகிற இந்த வேலை, அரைகுறை ஈரமுள்ள மண்ணில் நாள்கணக்கில் இழுக்கும். காரணம், மண் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொண்டு விதைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். உலர்த்தினாலும் நடந்த வேலையின் பலன் பெரும்பாலும் விதையில் தங்கிவிடுகிறது. மழை விழுந்ததும் அது விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

3. முதலில் பதரை நீக்குங்கள்

உயிரில்லாத விதையை எவ்வளவு ஊறவைத்தாலும் உயிர் வராது. ஒரு வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே, அதில் ஒரு நல்ல முட்டையைப் போட்டுப் பாருங்கள். முட்டை மிதந்து, அதன் மேல்பகுதி நாலணாக் காசு அளவுக்கு வெளியே தெரிந்தால் கரைசல் தயார். கொஞ்சம் கொஞ்சமாக விதையைக் கொட்டிக் கிளறி, மிதப்பதை அரித்து எடுத்துவிடுங்கள். அடியில் தங்கியதை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். உப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் முளைப்பு கெடும். பூஞ்சணக் கொல்லி கலந்து வண்ணமேற்றி வரும் விதையை இப்படி அலசவும் வேண்டாம், ஊறவைக்கவும் வேண்டாம். மருந்து கரைந்து போவதோடு அந்தத் தண்ணீரும் ஆபத்து. கடினப்படுத்துவதற்கு மருந்து கலக்காத விதையாகப் பார்த்து வாங்குங்கள்.

4. தண்ணீரும் பொட்டாஷும்

ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் தண்ணீர். நேரடி நெல் விதைப்புக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது 1 சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம். அதாவது லிட்டருக்கு 10 கிராம்; 30 லிட்டருக்கு 300 கிராம். உரக்கடையில் பொட்டாஷ் என்று கேட்டாலே தருவார்கள். முழுக்கக் கரைத்த பிறகே விதையைக் கொட்டுங்கள். பொட்டாஷ் கிடைக்காவிட்டால் வெறும் நல்ல தண்ணீரும் போதும். முந்தி முளைப்பதற்கு அடிப்படைக் காரணம் ஊறுவதும் உலர்வதும்தான். உவர்ப்பான போர்த் தண்ணீரை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

5. சாயங்காலம் 4 மணிக்குப் போடுங்கள்

அப்போது போட்டால் மறுநாள் காலை 8 மணிக்கு 16 மணி நேரம் ஆகிவிடும். உலர்த்த ஒரு முழுப் பகல் கையில் இருக்கும். வாய் அகன்ற பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். மூடி போட்டு இறுக்க வேண்டாம். ஊறும் விதை மூச்சுவிடும், அதற்குக் காற்று வேண்டும். படுக்கப் போகுமுன் ஒருமுறை அடியிலிருந்து கிளறிவிடுங்கள். விதை உப்பி மேலே தலை காட்டினால், அதே அளவில் கரைத்த பொட்டாஷ் தண்ணீரை மூழ்கும் வரை ஊற்றுங்கள். காலையில் நுரை பொங்கிப் புளித்த வாடை வந்தால் காற்றில்லாமல் விதை திணறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த விதையை முளைப்புத்திறன் பார்க்காமல் விதைக்காதீர்கள்.

6. உங்கள் ரகத்துக்கு எல்லை எது?

எல்லா ரகமும் ஒரே வேகத்தில் ஊறாது. வெயில் காலத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் முளையும் சீக்கிரம் வரும். மொத்த விதையையும் போடுவதற்கு முன்பு ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நாலு டம்ளரில் ஒவ்வொரு பிடி விதை போட்டு, 12, 16, 20, 24 மணி நேரம் ஊறவிடுங்கள். அந்தந்த நேரத்தில் எடுத்து, வடித்து, துணியில் ஒற்றி, மூடிய டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். கூடுதல் தண்ணீர் இல்லாமலே எந்த டப்பாவில் வெள்ளை முனை எட்டிப்பார்க்கிறதோ, அது எல்லை தாண்டியது. முனை காட்டாத டப்பாக்களில் அதிக நேரம் ஊறியது எதுவோ அதற்கும் ஒரு படி கீழே நின்றுகொள்வது பத்திரம்.

7. நிழலில், மெல்லிசாக உலர்த்துங்கள்

வடித்த விதையைக் காற்றோட்டமான கொட்டகையிலோ திண்ணையிலோ சாக்கு விரித்து, இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். மணிக்கொரு தரம் புரட்டிவிடுங்கள். சிமென்ட் களத்தில் உச்சி வெயிலில் போட்டால் ஊறிய விதை வெந்த மாதிரி ஆகிவிடும். காய்ந்த விதை தாங்குகிற சூட்டை ஈர விதை தாங்காது. குவித்துப் போட்டாலோ உள்ளே சூடேறி முளை கிளம்பிவிடும். மேகமூட்டமாக இருந்தால் இரண்டாவது நாளும் ஆகலாம். அப்போது ராத்திரி பனி படாமல் உள்ளே எடுத்து, குவிக்காமல் பரப்பியே வையுங்கள்.

8. உலர்ந்ததைத் தராசில் பாருங்கள்

கையால் தொட்டுப் பார்த்தால் உமி காய்ந்திருக்கும், உள்ளே அரிசி ஈரமாகவே இருக்கும். அதனால் ஊறவைக்குமுன் சரியாக ஒரு கிலோ விதையை நிறுத்து, ஒரு வலைப்பையில் தளர்வாகக் கட்டி, மற்ற விதையோடு சேர்த்தே ஊறவையுங்கள். காலையில் வடித்து நிறுத்தால் அது ஏறக்குறைய 1,200 கிராம் இருக்கும். அதைத் தனியாக ஒரு சுளகில், மற்ற விதை பரப்பிய அதே கனத்தில், பக்கத்திலேயே உலர்த்துங்கள். மத்தியானம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். மறுபடி ஒரு கிலோவுக்கு வந்துவிட்டால் மொத்த விதையும் பழைய ஈரத்துக்கு வந்துவிட்டது. 1,100 கிராமில் நிற்கும்போது அவசரப்பட்டு மூட்டை கட்டினால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். நன்றாக உலர்ந்த விதை விதைப்புக் கருவியிலும் ஒட்டாமல் சீராக விழும்.

9. அதிக நாள் வைத்திருக்காதீர்கள்

ஊறி உலர்ந்த விதைக்கு ஆயுள் குறைவு. நம் ஊர் வெக்கையில் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருந்தால் கிடைத்த லாபம் கரைய ஆரம்பிக்கும். இன்னும் தள்ளிப்போனால் சாதா விதையைவிட மோசமாகக்கூட முளைக்கலாம். நிலம் தயாரான பிறகு ஊறவைப்பதே சரியான வரிசை. விதைக்குமுன் ஈரத் துணியில் இந்த விதை 100, ஊறவைக்காத விதை 100 தனித்தனியாகச் சுருட்டி வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எத்தனை முளைத்தது என்று எண்ணுங்கள். கடைசிக் கணக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வரலாம். பார்க்க வேண்டியது முதல் சில நாள் கணக்கு: ஊறி உலர்ந்தது முந்த வேண்டும். முந்தவில்லை என்றால் ஊறிய நேரம் போதவில்லை. மொத்தக் கணக்கே குறைந்தால் எல்லை தாண்டிவிட்டது அல்லது உலர்த்தும்போது சூடுபட்டுவிட்டது.

10. எங்கே உதவும், எங்கே உதவாது?

காய்ந்த மண்ணில் இந்த விதையும் மழை வரும்வரை சும்மாதான் கிடக்கும். மண்ணில் இல்லாத ஈரத்தை அது கொண்டுவந்துவிடாது. மழை பெய்த பின் ஈரம் வடிவதற்குள் வேர் இறங்குவதிலும், செம்மண் மேலே பொருக்குக் கட்டி இறுகுவதற்குள் முளை வெளிவருவதிலும்தான் ஆதாயம் இருக்கிறது. இதில் ஒரு ஆபத்தும் உண்டு. லேசான தூறலுக்கே முளைத்துவிட்டு, அடுத்த மழை தாமதமானால் நாற்று கருகும். மேலாக விழுந்த விதைக்குத்தான் இந்தக் கதி அதிகம். அதனால் கைவிதைப்பாக வீசிவிட்டுப் போகாமல், சால் பிடித்து 3 முதல் 4 செ.மீ. ஆழத்தில் விழும்படி விதையுங்கள். அந்த ஆழம் நனையும் அளவு மழை பெய்தால்தான் விதை கிளம்பும்.

உளுந்து, பாசிப்பயறுக்கு இந்த 16 மணி நேரக் கணக்கு பொருந்தாது. 3 மணி நேரம் போதும். அதற்குமேல் ஊறினால் தோல் வெடித்துப் பருப்பு பிளந்துவிடும். வீட்டுத் தோட்டத்து வெண்டையை ராத்திரி ஊறவைத்து, காலையில் மேல் ஈரம் போகத் துணியில் உலர்த்தி, அன்றே நனைத்த பாத்தியில் ஊன்றினால் போதும். உடனே விதைப்பதாக இருந்தால் முழுக்க உலர்த்தும் வேலை இல்லை. காய்ந்த மண்ணில் போட்டு மழைக்குக் காத்திருக்கும் விதைக்குத்தான் தராசு வைத்து உலர்த்தும் கவனம் எல்லாம்.