கிலோவும் மில்லியும்: ஒரே பொருள், இரு வேலை

மலாக்கா மாநிலத்தின் பெம்பான் வட்டாரத்தில் வாழும் முதியவர்கள் சிலர் இன்றும் காத்தி, தாயில் என்று எடையைச் சொல்வதுண்டு. 16 தாயில் ஒரு காத்தி. 100 காத்தி ஒரு பிக்குல். ஒரு காத்தி இன்றைய கணக்கில் ஏறத்தாழ 605 கிராம் ஆகும். இந்த மூன்று சொற்களுக்கும் தம்முள் தொடர்பு இல்லை. பெயரைக் கேட்டவுடன் எது எதைவிட எத்தனை மடங்கு பெரியது என்று தெரியாது. 16, 100 ஆகிய எண்களைத் தனியே மனனம் செய்திருக்க வேண்டும்.

மலேசியாவில் 1972ஆம் ஆண்டில் எடை, அளவைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் கிலோகிராம், மீட்டர், லிட்டர் ஆகியவை படிப்படியாகப் பழைய அளவைகளின் இடத்தைப் பிடித்தன. இம்முறையில் கிராம் என்ற ஓர் அலகே போதும். அதன் முன் நிற்கும் முன்னொட்டு எத்தனை மடங்கு என்பதைச் சொல்லிவிடும்.

இந்த முன்னொட்டுகள் பிரான்சில் பிறந்தவை. 1795ஆம் ஆண்டில் அந்நாடு மெட்ரிக் முறையைச் சட்டமாக்கியபோது, அலகைப் பெருக்குவதற்குக் கிரேக்கச் சொற்களையும் வகுப்பதற்கு இலத்தீன் சொற்களையும் தேர்ந்தெடுத்தது. கிரேக்கத்தில் 'கிலியோய்' என்றால் ஆயிரம். அதிலிருந்து 'கிலோ' வந்தது. இலத்தீனில் 'மில்லே' என்றாலும் ஆயிரம்தான். அதிலிருந்து 'மில்லி' வந்தது. வேர்ப்பொருள் ஒன்றே, வேலைதான் வேறு. கிலோகிராம் என்பது ஆயிரம் கிராம். மில்லிகிராம் என்பது கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெருக்குவதா வகுப்பதா என்பதைச் சொல்லின் பொருள் காட்டவில்லை. அது எந்த மொழிச் சொல் என்பதே காட்டுகிறது.

அறிவியல் வளர்ந்தபோது ஆயிரம் போதவில்லை. 1873ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் குழு ஒன்று 'மெகா', 'மைக்ரோ' ஆகிய முன்னொட்டுகளைப் பரிந்துரைத்தது. இவை எண்ணுப்பெயர்கள் அல்ல. கிரேக்கத்தில் 'மெகாஸ்' என்றால் பெரிய; 'மிக்ரோஸ்' என்றால் சிறிய. பழங்கிரேக்கத்தில் பத்தாயிரத்திற்கு மேல் தனிச்சொல் கிடையாது. பத்து இலட்சத்தை 'நூறு பத்தாயிரம்' என்றே கூறினர். ஆகவே, 'பெரிய' என்னும் சொல்லுக்குப் பத்து இலட்சம் என்ற மதிப்பும், 'சிறிய' என்னும் சொல்லுக்குப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற மதிப்பும் உடன்பாட்டின்படி தரப்பட்டன.

1960ஆம் ஆண்டில் அனைத்துலக அலகு முறை உருவானபோதும் இதே வழி பின்பற்றப்பட்டது. நூறு கோடியைக் குறிக்கும் 'கிகா' அரக்கனைக் குறிக்கும் சொல்லிலிருந்தும், நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் 'நானோ' குள்ளனைக் குறிக்கும் சொல்லிலிருந்தும் வந்தவை. எண்ணுக்குப் பொருளின் பெயரை வைப்பது தமிழுக்கும் புதிதன்று. தாமரை, ஆம்பல், வெள்ளம் ஆகியவை பழந்தமிழில் பேரெண்களின் பெயர்களாக வழங்கியதைத் தொல்காப்பிய உரைகள் காட்டுகின்றன.

சொல்லைச் சுருக்கிக் குறியீடாக எழுதும்போதுதான் குழப்பம் நேர்கிறது. மெகாவுக்குப் பெரிய M; மில்லிக்குச் சிறிய m. மைக்ரோவுக்கும் m போட முடியாது என்பதால், 'மிக்ரோஸ்' என்ற சொல்லின் முதல் கிரேக்க எழுத்தான µ அதற்கு வழங்கப்பட்டது. கையால் அவசரமாக எழுதினால் µ எழுத்து m போலத் தெரியலாம். அதனால் மருந்து உறைகளில் மைக்ரோகிராமை mcg என்று அச்சிடுவது வழக்கம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஃபோலிக் அமில மாத்திரை ஒன்றில் 400 mcg என்றும், மற்றொன்றில் 5 mg என்றும் எழுதப்பட்டுள்ளது. எண்களை மட்டும் பார்ப்பவர் முதல் மாத்திரையில்தான் மருந்து அதிகம் என்று எண்ணுவார். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே முன்னொட்டுக்கு மாற்ற வேண்டும். ஒரு மில்லிகிராமில் 1000 மைக்ரோகிராம் உண்டு.

5 mg = 5 × 1000 mcg = 5000 mcg

5000 ÷ 400 = 12.5

ஆக, இரண்டாம் மாத்திரையில் பன்னிரண்டரை மடங்கு மருந்து உள்ளது. 400 mcg என்பதை 400 mg என்று தவறாகப் படித்தால், அளவு ஒரேயடியாக ஆயிரம் மடங்கு கூடிவிடும். ஓர் அளவைப் படிக்கும்போது எண்ணோடு நிறுத்தாமல், அலகின் முன் நிற்கும் எழுத்தையும் சேர்த்துப் படித்தால்தான் அதன் மதிப்பு முழுமையாகத் தெரியும்.