கரிபிடித்த சட்டிகளின் அடிப்புறத்தைச் சுத்தம் செய்தல்

மீள்குடியேறிய பல குடும்பங்கள் மூன்று கல் அடுப்பிலேயே சமைக்கின்றன. ஈரமான விறகும் பச்சை மட்டையும் எரியும்போது சட்டியின் அடியில் தடித்த கரி படிகிறது. இந்தக் கரியில் இரண்டு படைகள் உண்டு. வெளிப்புறத்தில் இருப்பது தூள் போன்ற புகைக்கரி. அதன் கீழே, உலோகத்தோடு ஒட்டி, தார் போன்ற பிசின் இருக்கும். தூளைத் தட்டினால் உதிரும், பிசினை ஊறவைத்தே எடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் குறைந்த தண்ணீரிலும் குறைந்த நேரத்திலும் வேலை முடியும்.

அடிப்புறம் மெல்லிய கருமையாக இருப்பதால் கெடுதல் இல்லை. விரல் நகத்தால் சுரண்டும்போது பொருக்குப் பொருக்காக விழும் அளவுக்குத் தடித்தால்தான் எடுக்க வேண்டும். அந்தத் தடிப்பு சூடு சட்டிக்குள் போவதைத் தடுக்கும், விறகும் கூடுதலாகச் செலவாகும்.

தேவையான பொருட்கள்

உடைந்த சிரட்டைத் துண்டு, தும்பு, சலித்த விறகுச் சாம்பல், சலவைச் சவர்க்காரம், பழைய துணி, சிறிது பழப்புளி.

அலுமினியச் சட்டியைச் சுத்தம் செய்யும் முறை

1. சட்டியை முழுதாக ஆறவிட்டு, பழைய சாக்கின் மேல் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் படாமல், சிரட்டையின் விளிம்பால் தூள் கரியைச் சுரண்டுங்கள். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் கரி மை போலப் பரவி, கையிலும் சட்டியிலும் ஒட்டிக்கொள்ளும்.

2. துணியைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அடிப்புறத்தில் 15 நிமிடம் போட்டு வையுங்கள். பிசின் இளகும். துணியை எடுத்ததும் மீண்டும் ஒருமுறை சிரட்டையால் சுரண்டுங்கள்.

3. ஒரு கைப்பிடி சாம்பலில் சவர்க்காரத்தைச் சீவிப் போட்டு, சில துளி தண்ணீர் விட்டுக் களியாகக் குழையுங்கள். அதைத் தும்பில் தொட்டு வட்டமாகத் தேயுங்கள்.

4. தேய்த்தவுடன் கழுவிவிடுங்கள். சாம்பல் களியை அலுமினியத்தில் இரவு முழுதும் பூசி வைக்க வேண்டாம். சாம்பலில் உள்ள காரம் அலுமினியத்தை அரிக்கும். பூசிய இடம் நுரைத்து, பின்னர் மங்கிக் கறுத்தால் அரிப்புத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். மெல்லிய சட்டியில் இது திரும்பத் திரும்ப நடந்தால் ஊசித் துளைகள் விழுந்து, சட்டி ஒழுகத் தொடங்கும்.

5. மங்கல் மிஞ்சியிருந்தால் கரைத்த பழப்புளியால் துடைத்துக் கழுவுங்கள்.

எல்லாக் கரியும் ஒரே நாளில் போகாவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்த சமையலுக்குப் பின்னர் தொடரலாம். மணலாலும் இரும்புக் கத்தியாலும் சுரண்டினால் சட்டி மெலியும்.

மற்றச் சட்டிகள்

இரும்புச் சட்டியில் சாம்பல் களியை ஒரு மணித்தியாலம் விட்டுத் தேய்க்கலாம். ஆனால் கழுவியதும் துடைத்து, அடுப்புச் சூட்டில் உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். மண்சட்டிக்குச் சவர்க்காரம் வேண்டாம், மண் அதை உறிஞ்சிக் கறிக்கு மணம் கொடுக்கும். உலர்ந்த தும்பால் தட்டிவிட்டாலே போதும்.

கொஸ்டிக் சோடாவை எந்தச் சட்டிக்கும் பாவிக்காதீர்கள். கையையும் கண்ணையும் எரிக்கும், அலுமினியத்தை வேகமாகத் தின்றுவிடும்.

கழுவிய தண்ணீர்

கிணற்றுக் கட்டில் கழுவ வேண்டாம். கரித் தண்ணீர் கசிந்து கிணற்றுக்குள் இறங்காத தூரத்தில், பள்ளமான பக்கத்தில் கழுவி ஊற்றுங்கள்.

மீண்டும் கரி படியாமல் இருக்க

சமைக்க முன்னர் சட்டியின் அடிப்புறத்திலும் பக்கத்திலும் களிமண்ணையும் சாம்பலையும் குழைத்து மெல்லியதாகப் பூசி, காயவிட்டு அடுப்பில் வையுங்கள். கரி பூச்சின் மேல் படியும், சமைத்து முடித்துக் கழுவும்போது பூச்சோடு சேர்ந்து வரும். மண் கிடைக்காத இடத்தில் சவர்க்காரத்தை ஈரப்படுத்தித் தடவலாம். இரண்டையும் வெளிப்புறத்தில் மட்டும் பூசுங்கள். கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக அறிவிக்கப்படாத காணியில் மண் தோண்டவோ விறகு பொறுக்கவோ போகாதீர்கள்.

விறகைக் கூரைக்குக் கீழே அடுக்கி நன்றாக உலரவிடுங்கள். உலர்ந்த விறகு புகையைக் குறைக்கும், பிசினும் குறைவாகவே படியும்.

காஸ் அடுப்பு பாவிப்பவர்கள்

நீலச் சுவாலை சட்டியைக் கறுக்க வைக்காது. கரி படிகிறது என்றால் சுவாலை மஞ்சளாக எரிகிறது, காற்றுப் போதவில்லை என்று பொருள். சிலிண்டரைப் பூட்டி, அடுப்பு ஆறியதும் பேர்னரைக் கழற்றி, துளைகளில் அடைந்துள்ளதைக் குத்தி எடுத்து, கழுவி, நன்றாக உலர்த்திப் பூட்டுங்கள். அதன் பிறகும் மஞ்சளாக எரிந்தால், திருத்துபவரிடம் காட்டும் வரை அந்த அடுப்பைப் பாவிக்காதீர்கள். அரைகுறையாக எரியும் காஸ் மூடிய அறையில் மணமில்லாத நச்சுக் காற்றை உண்டாக்கும்.