பாக்கித் தொகை பொருளின் விலை ஆகாது

நம்பிக்கை: தவணை கட்டத் தவறியவரிடமிருந்து பொருளைத் திரும்ப எடுத்தால், இனி வரவேண்டிய தவணை முழுவதையும் அதன் விலையாக எழுதிவிடலாம், நட்டம் இல்லை.

உண்மை: பொருள் திரும்பி வரும் நாளில் அதற்கு உள்ள மதிப்பைத்தான் எழுத வேண்டும். வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை கட்டும்வரை பொருள் விற்றவருக்கே சொந்தம். அதனால்தான் அவரால் திரும்ப எடுக்க முடிகிறது. சாதாரணத் தவணை விற்பனையில் உரிமை முதலிலேயே வாங்கியவருக்குப் போய்விடும். அங்கே விற்றவர் பாக்கிக்கு வழக்குத் தொடுக்கலாம், பொருளை இஷ்டப்படி எடுத்துவர முடியாது.

ஒரு மாவு அரவை இயந்திரத்தின் ரொக்க விலை ரூ.60,000 என்று கொள்வோம். முன்பணம் ரூ.15,000. மீதி ரூ.45,000-ஐ மூன்று ஆண்டுகளில், ஆண்டுக்கு ரூ.15,000 அசலும் நிலுவைக்கு 10 சதவீத வட்டியுமாகக் கட்ட வேண்டும். முதல் தவணை ரூ.19,500 வந்துவிட்டது, இரண்டாவது வரவில்லை. அன்று அசல் பாக்கி ரூ.30,000. அந்த ஆண்டின் வட்டி ரூ.3,000-ஐ வாங்கியவர் கணக்கில் பற்று, வட்டிக் கணக்கில் வரவு வைத்தால் அவர் தரவேண்டியது ரூ.33,000. ஆண்டுக்கு 30 சதவீதம் குறைந்துசெல் முறையில் தேய்மானம் கழித்தால் இயந்திரத்தின் மதிப்பு ரூ.29,400. ஆகவே திரும்ப எடுத்த சரக்குக் கணக்கில் ரூ.29,400, இலாப நட்டக் கணக்கில் ரூ.3,600 பற்று, வாங்கியவர் கணக்கில் ரூ.33,000 வரவு. எஞ்சியதைக் கேட்க ஒப்பந்தம் இடம் தந்து, அது வசூலாகும் என்ற உறுதியும் இருந்தால் மட்டுமே ரூ.3,600-ஐப் பாக்கியாக வைத்திருக்கலாம்.

'முன்பணமும் ஒரு தவணையும் கையில், இயந்திரமும் கையில். பிறகு எங்கே நட்டம்?' என்று கேட்கலாம். விற்ற அன்றே ரூ.60,000 விற்பனையாக எழுதியாகிவிட்டது. அந்த விலைக்கு ஈடாகக் கைக்கு வந்தவை ரூ.30,000 அசலும் ரூ.29,400 மதிப்புள்ள இயந்திரமும்தான். குறைந்த ரூ.600-உடன் வராத வட்டி ரூ.3,000 சேர்ந்ததே அந்த நட்டம்.

'எப்படியும் மறுபடி விற்கத்தானே போகிறோம், பாக்கியையே விலையாக எழுதினால் என்ன?' என்பது அடுத்த கேள்வி. வரவேண்டிய இரண்டு தவணைகள் ரூ.18,000, ரூ.16,500, கூட்டினால் ரூ.34,500. இதில் ரூ.1,500 இன்னும் பிறக்காத ஆண்டின் வட்டி. அதை எழுதினால் பணம் வராத ஆண்டில் இலாபம் தெரியும். மறு ஆண்டு ரூ.2,600-க்குப் பழுது பார்த்து ரூ.34,000-க்கு விற்றால், திடீரென ரூ.3,100 நட்டம் வந்து நிற்கும். சரியான பதிவிலோ பழுதுச் செலவு சரக்குக் கணக்கில் ஏறி அடக்கம் ரூ.32,000 ஆகும், விற்பனையில் ரூ.2,000 இலாபம். இரண்டு வழியிலும் இறுதி நட்டம் ரூ.1,600-தான். ஆனால் சரியான பதிவு மட்டுமே தவணை தவறியதால் வந்த நட்டத்தை அது நேர்ந்த ஆண்டிலேயே காட்டுகிறது.