ஆர்.சி. தொலைந்துவிட்டதா?

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்வருகிறவரின் பைக் வேலூரில் பதிவானது, டி.என். 23. வாணியம்பாடி பஸ் நிலையத்தில் பர்ஸோடு ஆர்.சி. புத்தகமும் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புகார் எங்கே கொடுப்பது?

தொலைந்த இடம் எந்தக் காவல் நிலைய எல்லையோ, அங்கேதான். ஆகவே புகார் வாணியம்பாடியில்; டூப்ளிகேட் ஆர்.சி.க்கு விண்ணப்பம், பதிவு செய்த வேலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் வீணாக அலைகிறார்கள்.

தமிழ்நாடு காவல்துறையின் eservices.tnpolice.gov.in தளத்திலும் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கை பெறலாம். திருடு போயிருந்தால் இது போதாது, நேரில் போய்ப் புகார் கொடுங்கள். அறிக்கையில் வண்டி எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். பைக்கில் சேஸிஸ் எண், ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் தெரியும்.

பிறகு parivahan.gov.in தளத்தில் டூப்ளிகேட் ஆர்.சி.க்கு விண்ணப்பியுங்கள். படிவம் 26, போலீஸ் அறிக்கை, இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று தேவை. ஓ.டி.பி. வண்டியோடு பதிவான செல்போன் எண்ணுக்கே வரும். பழைய எண் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். கடன் பாக்கி இருந்தால் படிவத்தில் ஃபைனான்ஸ் கம்பெனியின் கையெழுத்தும் வேண்டும். கடன் முடிந்தும் ஹெச்.பி. நீக்காதவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதுவரை வண்டியை நிறுத்திவைக்க வேண்டாம். டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் உள்ள ஆர்.சி., வாகனச் சோதனையில் அசலைப் போலவே செல்லும். செல்போனில் எடுத்த வெறும் போட்டோ செல்லாது.